அளவைக் கூட்டினால் பிரெட் ஏன் கெடுகிறது: பேக்கர் சதவீதக் கணக்கில் பிழை தேடும் வழி

வீட்டில் இரண்டு டின்னுக்கு அழகாக வரும் பிரெட், ஆர்டர் பிடித்துப் பன்னிரண்டு டின்னுக்குப் போனதும் சொதப்பும். பேக்கிங் கற்றுக்கொண்டு சிறிதாகத் தொழில் தொடங்குபவர்கள் என்னிடம் கொண்டுவரும் கணக்குத் தாள்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். அவர்கள் மைதாவை மாற்றியிருப்பார்கள், ஈஸ்ட்டை மாற்றியிருப்பார்கள், சிலர் மிக்ஸரையே மாற்றியிருப்பார்கள். தாளை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழே எல்லா இடத்திலும் ஒரே சாதாரண சாண்ட்விச் பிரெட்டை வைத்துத்தான் பேசுகிறேன். மைதாவின் எடை எப்போதும் 100. மற்றதெல்லாம் அந்த மைதாவுக்கு எவ்வளவு என்பதுதான் சதவீதம். ‘மாவு’ என்று எழுதும் இடத்தில் பிசைந்த மாவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

| பொருள் | சதவீதம் | 500 கிராம் மைதாவுக்கு |
|---|---|---|
| மைதா | 100 | 500 |
| தண்ணீர் | 62 | 310 |
| சர்க்கரை | 6 | 30 |
| வெண்ணெய் | 5 | 25 |
| உப்பு | 1.8 | 9 |
| இன்ஸ்டன்ட் ஈஸ்ட் | 1 | 5 |
| மொத்தம் | 175.8 | 879 |

கடைசி வரியில் இருக்கும் 175.8-ஐ மறக்காதீர்கள். பாதிப் பிழைகள் அங்கேதான் பிடிபடும்.

## அறிகுறி 1: மாவு டின்களுக்குப் போதவில்லை, அல்லது ஏகத்துக்கு மிஞ்சுகிறது

முதலில் கால்குலேட்டரை எடுங்கள். அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை.

மிஞ்சினால்: ஐந்து கிலோ மாவு வேண்டும் என்று ஐந்து கிலோ மைதாவைக் கொட்டியிருப்பீர்கள். ஐந்து கிலோ மைதாவில் 8.79 கிலோ மாவு வரும். வேண்டிய மாவின் எடையை 1.758-ஆல் வகுத்தால்தான் மைதாவின் எடை கிடைக்கும்.

கொஞ்சம் குறைந்தால்: வேகும்போது போகும் எடையை விட்டிருப்பீர்கள். இந்த மாதிரி டின் பிரெட் அடுப்பில் சுமார் 12% எடை இழக்கும். விற்கும்போது 400 கிராம் நிற்க வேண்டுமானால் டின்னில் 455 கிராம் மாவு வைக்க வேண்டும். கிண்ணத்திலும் மேசையிலும் ஒட்டிப் போவதற்கு இன்னும் 2% சேருங்கள்.

பன்னிரண்டு டின்னுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 455-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 5460. அதோடு 2% சேர்த்தால் 5569 கிராம் மாவு. இதை 1.758-ஆல் வகுத்தால் மைதா 3168 கிராம். அதிலிருந்து தண்ணீர் 1964, சர்க்கரை 190, வெண்ணெய் 158, உப்பு 57, ஈஸ்ட் 32. ஆறையும் கூட்டினால் மறுபடி 5569 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரியில் தப்பு இருக்கிறது, பிசையத் தொடங்காதீர்கள்.

உங்கள் இழப்பு 12% இல்லாமலும் இருக்கலாம். ஒரு தடவை டின்னில் வைக்கும்போதும், பிரெட் முழுதும் ஆறிய பிறகும் எடை போட்டால் உங்கள் அடுப்புக்கான எண் தெரிந்துவிடும். சூடாக இருக்கும்போது எடை போட்டால் கணக்கு ஏமாற்றும், ஆறும்போதும் ஈரம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

## அறிகுறி 2: மாவு கல்லாக இறுகுகிறது, அல்லது கையில் ஒட்டிக் குழைகிறது

### தாளில் இரண்டு விதக் கணக்கு கலந்திருக்கிறதா?

மைதா வரியைப் பாருங்கள். அதில் 100 இல்லாமல் 56.9 என்று இருந்தால், யாரோ மொத்த மாவை 100 ஆக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளில் தண்ணீர் 35.3% என்று இருக்கும். இன்னொருவர் அதை வாங்கி, மைதாவுக்கு 35% தண்ணீர் என்று ஊற்றினால் மிக்ஸர் முனகத் தொடங்கிவிடும். இந்த மாதிரித் தாள் கிடைத்தால் ஒவ்வொரு எண்ணையும் மைதாவின் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 35.3-ஐ 56.9-ஆல் வகுத்தால் 62% திரும்ப வந்துவிடும்.

### மைதாவோடு வேறு மாவும் சேர்த்தீர்களா?

கோதுமை மாவு, ராகி மாவு என்று எதைக் கலந்தாலும் அதுவும் அந்த 100-க்குள்தான் வர வேண்டும். 500 மைதாவோடு 150 கோதுமை மாவைச் சேர்த்துவிட்டு, தண்ணீரை மட்டும் 500-க்குக் கணக்குப் போட்டு 310 ஊற்றினால், உண்மையில் 650-க்கு 310, அதாவது 48% கூட இல்லை. உப்பும் ஈஸ்ட்டும் அதே விகிதத்தில் இளைத்திருக்கும்.

எல்லா மாவையும் சேர்த்து 100 ஆக்கிய பிறகும் இறுகினால், அது கோதுமை மாவின் குணம். தவிடு இருப்பதாலும், சக்கியில் அரைபடுவதாலும் மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். 62-ஐ 65 ஆக்கிப் பிசைந்து, இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு, அப்புறம் தொட்டுப் பாருங்கள். பிசைந்த உடனே முடிவு செய்தால் தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றிவிடுவீர்கள்.

### தண்ணீருக்குப் பதில் பாலோ முட்டையோ போட்டீர்களா?

பாலில் தண்ணீர் சுமார் 87%தான். 310 கிராம் தண்ணீருக்குப் பதில் 310 கிராம் பால் ஊற்றினால் கிடைக்கும் தண்ணீர் 270 கிராம், அதாவது 54%. மாவு இறுகத்தான் செய்யும். பழைய பதம் வேண்டுமானால் 356 கிராம் பால் வேண்டும். ஓடு நீக்கிய முட்டை ஐம்பது கிராம் என்றால் அதில் ஏறக்குறைய 37 கிராம் தண்ணீர். வெண்ணெய் இளகுவதும் மாவைத் தளர்த்தும், ஆனால் அதைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

### இதெல்லாம் சரி, மூட்டை மாறியதா?

பழைய மூட்டையில் நூறு கிராம், புதியதில் நூறு கிராம் எடுத்து, இரண்டிலும் சரியாக 60 கிராம் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, இருபது நிமிடம் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்திப் பாருங்கள். புதியது இறுகலாக இருந்தால் அதில் மட்டும் இரண்டிரண்டு கிராமாகத் தண்ணீர் சேர்த்து, எத்தனை கிராமில் சமமாகிறது என்று பாருங்கள். நூறு கிராமில் செய்வதால் அந்தக் கிராம் எண்ணே சதவீதம். புதியது குழைந்தால் 56, 58 என்று குறைத்து மறுபடி பிசையுங்கள்.

மூட்டைக்கு மூட்டை இப்படி மூன்று, நான்கு சதவீதம் ஆடிக்கொண்டே இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. மொத்தமாக வாங்குபவராக இருந்தால் அந்தந்த லாட்டின் நீர் உறிஞ்சும் அளவை விநியோகஸ்தர் வழியாக மில்லிடம் கேளுங்கள். அந்த எண்ணை அப்படியே தண்ணீர் சதவீதமாகப் போடக் கூடாது. போன லாட்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்க்கத்தான் அது.

## அறிகுறி 3: ஸ்டார்ட்டர் சேர்த்ததிலிருந்து மாவு தளர்கிறது, ருசி சப்பென்று இருக்கிறது

சவர்டோ ஸ்டார்ட்டரோ, முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைத்த மாவோ, எதுவானாலும் இதே கதைதான். தாள்களில் நான் அதிகம் திருத்தும் இடம் இது. காரணம் எப்போதும் ஒன்றே: ஸ்டார்ட்டரை ஒரு தனிப் பொருள்போல மேலே கொட்டுகிறார்கள். அதற்குள் இருப்பதும் மைதாவும் தண்ணீரும்தான், அவை இரண்டும் கணக்குக்குள் வர வேண்டும்.

ஒரு கிலோ மைதா, 620 தண்ணீர், 18 உப்பு என்று தாள் இருக்கிறது. இதோடு சம எடை மைதாவும் தண்ணீரும் கலந்த ஸ்டார்ட்டர் 400 கிராம் சேர்க்கிறீர்கள். அதில் மைதா 200, தண்ணீர் 200. இப்போது கிண்ணத்தில் இருப்பது 1200 மைதா, 820 தண்ணீர். தண்ணீர் 62%-இலிருந்து 68.3%-க்குப் போய்விட்டது. உப்பு 1200-க்கு 18, அதாவது 1.5%. தளர்ச்சியும் சப்பென்ற ருசியும் ஒன்றாக வந்தால் இந்தப் பிழைதான் என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம்.

திருத்துவதும் எளிதுதான். மொத்தத்தை மாற்றாமல், ஸ்டார்ட்டருக்குள் போனதை மொத்தத்திலிருந்து கழியுங்கள்.

| | மொத்தம் | ஸ்டார்ட்டரில் | கடைசியில் சேர்ப்பது |
|---|---|---|---|
| மைதா | 1000 | 200 | 800 |
| தண்ணீர் | 620 | 200 | 420 |
| உப்பு | 18 | 0 | 18 |

கடைசிக் கலவையில் 800 மைதா, 420 தண்ணீர், 400 ஸ்டார்ட்டர், 18 உப்பு. உப்பை 800-க்குக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். சதவீதம் எப்போதும் முதல் நெடுவரிசையின் 1000-க்குத்தான்.

ஸ்டார்ட்டர் கெட்டியானதாக இருந்தால்: நூறு மைதாவுக்கு அறுபது தண்ணீர் என்று வளர்ப்பவர்கள் உண்டு. அப்போது ஸ்டார்ட்டரின் எடையை 1.6-ஆல் வகுத்தால் உள்ளே இருக்கும் மைதா கிடைக்கும். 400 கிராமில் 250 மைதா, 150 தண்ணீர். சம எடை ஸ்டார்ட்டருக்கு எழுதிய தாளில் இதை அப்படியே போட்டால் மாவு இறுகும்.

உங்கள் ஸ்டார்ட்டரின் விகிதமே தெரியாவிட்டால்: கண்ணால் பார்த்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஸ்டார்ட்டருக்குக் கணக்கு கிடையாது. ஒரு ஸ்பூன் எடுத்து, மூன்று நான்கு வேளை எடை போட்டுச் சம அளவு மைதாவும் தண்ணீரும் கொடுத்து வளருங்கள். ஆரம்பத்தில் இருந்த கலப்படம் கரைந்து, எண்ணை நம்பலாம் என்ற நிலைக்கு வந்துவிடும்.

இந்தக் கழித்தலைச் செய்த பிறகும் மாவு கையில் நாராகப் பிரிந்து தளர்ந்தால், பிழை தாளில் இல்லை. ஸ்டார்ட்டர் அதிகம் புளித்து அமிலம் மாவின் இழுவையைத் தின்றிருக்கிறது. உப்பி உச்சத்தில் நிற்கும்போதே எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

## அறிகுறி 4: சின்ன அளவில் சரி, பெரிய அளவில் பொங்கி வழிந்து புளிக்கிறது

தாள் சரியாக இருந்தும் இது வரும். சதவீதம் எடையைத்தான் பெருக்கும், வெப்பத்தையும் நேரத்தையும் பெருக்காது. ஒரு கிலோ மாவு சீக்கிரம் ஆறும். ஐந்து கிலோ மாவு தன் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும், புளிக்கும்போது இன்னும் கொஞ்சம் சூடாகும்.

### எந்த டின் வழிகிறது என்று பாருங்கள்

கடைசியில் உருட்டிய டின்கள் மட்டும் பொங்கினால் காரணம் நேரம். இரண்டு டின்னுக்கு ஐந்து நிமிடம் எடுக்கும் கை, பன்னிரண்டுக்கு அரைமணி எடுக்கும். அந்த அரைமணியும் மேசையில் இருக்கும் மாவு புளித்துக்கொண்டேதான் இருக்கும். முதல் புளிப்பைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள், அல்லது பாதி மாவை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எல்லா டின்னும் ஒரே மாதிரி பொங்கினால் தெர்மாமீட்டரை எடுங்கள். பிசைந்து முடித்த மாவின் நடுவில் குத்திப் பாருங்கள். இந்த பிரெட்டுக்கு 26 டிகிரி செல்சியஸ் நல்லது. நம் ஊர் மே மாதத்தில் 35 காட்டினால் ஆச்சரியமில்லை.

### தண்ணீரின் வெப்பத்தைக் கணக்கிடுங்கள்

மாவின் சூட்டுக்குக் காரணம் அறை, மைதா, தண்ணீர், பிசையும்போது உராய்வில் வரும் சூடு. முதல் மூன்றையும் தெர்மாமீட்டர் சொல்லும். நான்காவதை ஒரு தடவை பிசைந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

```
உராய்வு = 3 × வந்த மாவு வெப்பம் − அறை − மைதா − தண்ணீர்
        = 3 × 35 − 34 − 33 − 30 = 8

தண்ணீர் = 3 × வேண்டிய வெப்பம் − அறை − மைதா − உராய்வு
        = 3 × 26 − 34 − 33 − 8 = 3
```

மூன்று டிகிரித் தண்ணீர் குழாயில் வராது, ஐஸ் போட வேண்டும். எவ்வளவு? குழாய்த் தண்ணீர் 30 டிகிரி, மொத்தத் தண்ணீர் 1964 கிராம் என்றால்:

```
ஐஸ் = மொத்தத் தண்ணீர் × (30 − 3) ÷ (30 + 80)
    = 1964 × 27 ÷ 110 = 482 கிராம்
```

மீதி 1482 கிராம் குழாய்த் தண்ணீர். இந்த ஐஸ் அந்த 62%-க்குள்தான். மொத்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு அதற்கு மேல் ஐஸ் போட்டால் தண்ணீர் 77%-ஐத் தாண்டிவிடும், அப்புறம் அறிகுறி 2-க்குப் போய் நிற்பீர்கள். ஐஸைப் பொடித்துப் போடுங்கள். கட்டியாகப் போட்டால் பிசைந்து முடித்த பிறகும் கரையாமல் கிடக்கும்.

### அதற்கும் அடங்காவிட்டால்

இப்போதுதான் ஈஸ்ட்டைத் தொட வேண்டும். 1%-ஐ 0.8 ஆக்கிப் பாருங்கள், போதாவிட்டால் 0.7. வெப்பத்தைப் பார்க்காமல் ஈஸ்ட்டை மட்டும் குறைத்தால் மே மாதத்தில் சரியாகும், மார்கழியில் டின் எழும்பாது. அப்போது மறுபடி தாளைத் திருத்துவீர்கள்.

உராய்வு எண் திடீரென்று 8-இலிருந்து 14, 15 என்று ஏறினால், முதலில் பிசையும் நேரமும் வேகமும் மாறியிருக்கிறதா, வழக்கத்தைவிட அதிகம் நிரப்பினீர்களா என்று பாருங்கள். அதெல்லாம் மாறவில்லை, மிக்ஸரின் உடலே சுடுகிறது, வாடை வருகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதைக் கழற்றுவது நம் வேலை இல்லை.

## அறிகுறி 5: ஒரு நாள் கரிக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது, ஈஸ்ட்டும் கைக்கு அடங்கவில்லை

தாள் மாறாமல் ருசி மட்டும் ஆடினால் தராசைப் பாருங்கள்.

பெரிய அளவில்: 30 கிலோ தாங்கும் கடைத் தராசு பெரும்பாலும் ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும். அதில் 32 கிராம் ஈஸ்ட் போட்டால் 30 என்றோ 35 என்றோதான் தெரியும். அதன் பெயர்த் தகட்டில் குறைந்தபட்ச எடை 100 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்குக் கீழே நம்ப வேண்டாம் என்று அர்த்தம். மைதாவையும் தண்ணீரையும் பெரிய தராசிலும், உப்பையும் ஈஸ்ட்டையும் சின்னத் தராசிலும் போடுங்கள்.

சின்ன அளவில்: சோதனைக்காக 150 கிராம் மைதா எடுத்தால் ஈஸ்ட் 1.5 கிராம். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசுக்கு அது எட்டாது. 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு பெரிய விலையில்லை. அதுவும் இல்லையென்றால் 5 கிராம் ஈஸ்ட்டை 45 கிராம் தண்ணீரில் கரைத்து, அதில் 15 கிராம் ஊற்றுங்கள். 1.5 கிராம் ஈஸ்ட் போய்விடும். கூடவே போன 13.5 கிராம் தண்ணீரைத் தாளின் தண்ணீரில் கழியுங்கள், உடனே பயன்படுத்திவிடுங்கள்.

ஸ்பூன் கணக்கு எனக்குப் பிடிக்காது. பொடியுப்பும் கல்லுப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை இல்லை. பழைய குறிப்பு ஃபிரெஷ் ஈஸ்ட்டுக்கு எழுதியதா என்றும் பாருங்கள். அதில் 3 கிராம் என்றால் இன்ஸ்டன்ட்டில் ஏறக்குறைய 1 கிராம்தான்.

சின்னத் தராசும் வந்த பிறகு ஆடினால், மளிகைக் கடையில் முத்திரையிட்ட ஒரு கிலோ படிக்கல் வாங்கிவந்து தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் எண் மாறினால் உள்ளே எடையை உணரும் லோட்செல் போயிருக்கிறது. வீட்டுத் தராசு என்றால் புதிது வாங்குவதே மலிவு. விற்பனைக்கு எடை போடும் தராசு என்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததும் மறுபடி முத்திரையும் வாங்க வேண்டும்.

## அறிகுறி 6: மாவு அருமை, ஆனால் பன்னிரண்டு டின்னும் உள்ளே வேகவில்லை

தாளை மூடி வையுங்கள், சதவீதத்துக்கு இங்கே வேலை இல்லை. பன்னிரண்டு குளிர்ந்த டின் ஒரே சமயம் உள்ளே போனால் அடுப்பின் சூடு விழும். முதலில் சூடேற்றும் நேரத்தைக் கூட்டுங்கள், டின்களுக்கு நடுவில் இரண்டு விரல் இடம் விடுங்கள், பிரெட்டின் நடுவில் 93 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் எடுங்கள். ஆறு டின் வைத்தால் வேகிறது, பன்னிரண்டு வைத்தால் வேகவில்லை என்றால் அடுப்பின் கொள்ளளவு அவ்வளவுதான், இரண்டு ஈடாகப் பிரியுங்கள். ஆறு டின்னிலேயே ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்தால் பர்னரையோ தெர்மோஸ்டாட்டையோ அடுப்பு சர்வீஸ்காரர் வந்து பார்க்கட்டும். கேஸ் அடுப்பாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரோடு நீங்கள் கிட்டவே போக வேண்டாம்.